மூன்று மாதம் எங்கே? பணிச்சான்று கேட்கும் கடிதமும் ஒரு வகுப்பறையும்

பத்தாம் வகுப்பில் அலுவலகக் கடிதம் எழுதும் பயிற்சியை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறோம். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, இடம், நாள், உறைமேல் முகவரி என எல்லாவற்றையும் மாணவர்கள் சரியான இடத்தில் எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கொடுத்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கடிதத்தை உண்மையிலேயே அஞ்சலில் சேர்த்தால், பெறுபவர் அதை வைத்து என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்டுக்கொண்டதில்லை. சென்ற ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு மாணவி அதைக் கேட்க வைத்தாள்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது எங்கள் பள்ளி. வேலைக்குப் போகும் பெற்றோரில் சிலர் வடக்கே கடலூர் சிப்காட் ஆலைகளுக்கும், சிலர் தெற்கே சிதம்பரம் கடைவீதிக்கும் போகிறவர்கள். கடிதப் பயிற்சி முடிந்த மறுநாள் அந்த மாணவி, "சார், எங்க பெரியப்பாவுக்கு நிஜமாவே ஒரு லெட்டர் வேணும். பழைய கம்பெனியில சர்வீஸ் சர்டிபிகேட் கேக்கணுமாம். பி.எஃப். பென்ஷனுக்கு" என்றாள். மாலையில் பெரியப்பாவே ஒரு துணிப்பையோடு பள்ளிக்கு வந்துவிட்டார். அடுத்த மூன்று பாடவேளைகளில் நாங்கள் செய்ததே இந்தக் கட்டுரை.

கற்றல் நோக்கம்

ஒரு கடிதத்தைப் பெறுபவர் எந்தச் செயலைச் செய்ய வேண்டுமோ, அதற்குத் தேவையான விவரம் முழுவதையும் அந்தக் கடிதத்திலேயே தருதல். கேட்கும் கடிதத்தில் இல்லாத விவரம் பதிலாக வரும் சான்றிலும் இருக்காது என்பதை உணர்தல்.

முதல் பாடவேளை: கையில் இருந்த சான்று ஏன் பயன்படவில்லை?

பெரியப்பாவிடம் ஏற்கெனவே ஒரு சான்று இருந்தது. மே மாதத்தில் பழைய ஆலைக்கு, "தங்கள் ஆலையில் வேலை பார்த்ததற்கு ஒரு சான்று தர வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர்களும் தட்டிக்கழிக்காமல் கொடுத்திருக்கிறார்கள். நிறுவனத் தாளில், முத்திரையுடன் அதில் இருந்தது இவ்வளவுதான்: இவர் எங்கள் ஆலையில் சில ஆண்டுகள் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர், இவர் வாழ்வில் சிறக்க வாழ்த்துகிறோம்.

இந்தத் தாளை வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் ஏற்கவில்லை. ஏன் என்று வகுப்பில் கேட்டேன். "தேதி இல்ல சார்" என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. அதுவே முழுப்பதில். ஆலை மீது குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. கேட்டது "வேலை பார்த்ததற்கு ஒரு சான்று", கிடைத்ததும் அதுவே.

இந்த இடத்தில் இரண்டு தாள்களை மாணவர்களுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். பெற்றோர் பலரும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். பணிச்சான்று என்பது வேலை கொடுத்தவர் தருவது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்தப் பணியில் இருந்தார் என்று அது சொல்கிறது. திட்டச் சான்றிதழ் என்பது வைப்பு நிதி அலுவலகம் தருவது. ஓய்வூதியத் திட்டத்தில் இத்தனை ஆண்டு பணி இவர் கணக்கில் உள்ளது என்று அது சொல்கிறது. வேலையை விட்டபின் ஓய்வூதியப் பங்கைத் திரும்ப எடுக்காமல் பணிக்காலத்தைக் காப்பாற்றிவைக்க விரும்புபவர், படிவம் 10-சி கொடுத்து இரண்டாவதை வாங்கலாம். ஆலையிடம் கேட்க வேண்டியது முதல் வகை மட்டுமே.

இரண்டாம் பாடவேளை: கணக்கு

எவ்வளவு பணிக்காலம் தேவை, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் கடிதம் எழுத முடியாது. அதனால் கணக்கு ஆசிரியரையும் அழைத்துக்கொண்டேன்.

தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ளது. 58 வயதில் மாத ஓய்வூதியம் பெற, திட்டத்தில் குறைந்தது 10 ஆண்டு பணி இருக்க வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களில் செய்த பணியைக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டியபின் மிஞ்சும் காலம் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் விட்டுவிடுவார்கள். ஆகவே 9 ஆண்டு 6 மாதம் என்பது 10 ஆண்டு. 9 ஆண்டு 5 மாதம் என்பது 9 ஆண்டு.

பெரியப்பா சொன்னதைக் கரும்பலகையில் எழுதினோம்.

சிப்காட் ஆலை: 01.06.1999 முதல் 30.06.2005 வரை. 6 ஆண்டு 1 மாதம்.
சிதம்பரம் ஜவுளிக்கடை: 01.10.2021 முதல் 31.05.2025 வரை. 3 ஆண்டு 8 மாதம்.
மொத்தம்: 9 ஆண்டு 9 மாதம்.

இடைப்பட்ட 16 ஆண்டும் ஊரில் விவசாயம். 2025 மே மாதத்துடன் அவருக்கு 58 வயது நிறைவடைந்தது. 58க்குப் பிறகு செய்யும் பணி இந்தக் கணக்கில் சேராது என்பதால், மேலும் சில மாதம் கடைக்குப் போய்ச் சரிக்கட்டவும் வழியில்லை.

சிக்கல் இங்கேதான். வைப்பு நிதி அலுவலகத்தில் உள்ள பழைய பதிவில், அவர் ஆலையை விட்ட நாள் 31.03.2005 என்று இருந்தது. நிதியாண்டு முடிந்த நாளையே பணி முடிந்த நாளாக எழுதிவிட்டார்களோ என்னவோ, அவர் வேலை செய்த ஏப்ரல், மே, ஜூன் ஆகிய மூன்று மாதங்கள் பதிவில் இல்லை. அவற்றைக் கழித்தால் மொத்தம் 9 ஆண்டு 6 மாதம். "அப்பவும் பத்து வருஷம்தானே சார்?" என்றாள் ஒரு மாணவி. கணக்கு சரிதான். ஆனால் ஊதியமில்லா விடுப்பு நாட்களும் கழிக்கப்படும். சந்தா செலுத்தாத நாட்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். 2002இல் கால் முறிந்து ஒரு மாதத்துக்கு மேல் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்ததாகப் பெரியப்பா சொன்னார். எத்தனை நாள் என்பது நினைவில்லை.

ஆக, பதிவில் உள்ள தேதிப்படி ஒரே ஒரு நாள் கழிந்தாலும் 10 ஆண்டு கிடையாது. உண்மையான தேதிப்படி ஏறத்தாழ 90 நாள் வரை கழிந்தாலும் 10 ஆண்டு உண்டு. அந்த மூன்று மாதத்தின் மதிப்பு என்ன என்பது இப்போது வகுப்புக்குப் புரிந்தது. 10 ஆண்டு இருந்தால் வாழ்நாள் முழுவதும் மாத ஓய்வூதியம். 2014 செப்டம்பர் முதல் அதன் குறைந்தபட்ச அளவு மாதம் 1,000 ரூபாய். அவர் காலத்துக்குப் பின் பெரியம்மாவுக்கும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. 10 ஆண்டு இல்லையென்றால் ஒருமுறை கிடைக்கும் தொகையோடு முடிந்துவிடும்.

கடிதம் எழுதும் முன் இன்னொன்றையும் உறுதி செய்துகொண்டோம். 2005இல் வேலையை விட்டபோது ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டாரா? எடுத்திருந்தால் அந்த ஆறு ஆண்டும் கணக்கிலிருந்து போய்விட்டிருக்கும்; எந்தச் சான்றும் அதை மீட்காது. வைப்பு நிதியை எடுப்பதற்குப் படிவம் 19, ஓய்வூதியப் பங்கை எடுப்பதற்குப் படிவம் 10-சி என்று இரண்டும் தனித்தனி. அவருடைய அன்றைய வங்கிப் பாஸ்புக்கில் ஒரே ஒரு வரவு இருந்தது. படிவம் 19 மட்டுமே கொடுத்ததாக அவரும் சொன்னார். ஓய்வூதியப் பங்கு எடுக்கப்படவில்லை என்று வைப்பு நிதி அலுவலகத்திலும் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

மூன்றாம் பாடவேளை: கடிதம்

முதலில் துணிப்பையைக் கொட்டினோம். வேலை நியமன ஆணை, ஆலை அடையாள அட்டை, வைப்பு நிதி ஆண்டுக் கணக்குச் சீட்டு இரண்டு, 2005 மே, ஜூன் மாத ஊதியச் சீட்டுகள். வைப்பு நிதிப் பிடித்தம் அச்சாகியிருந்த ஜூன் மாதச் சீட்டுதான் மிக முக்கியம் என்று மாணவர்களே கண்டுபிடித்தார்கள். வேலை செய்தது மட்டும் போதாது, அந்த மாதங்களுக்குச் சந்தாவும் செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அதைக் காட்டுவது படிவம் 3-ஏ என்ற ஆண்டுச் சந்தா அட்டை. அதன் நகலையும் ஆலையிடம் கேட்க முடிவு செய்தோம்.

பிறகு குழுவாகக் கடிதம் எழுதினார்கள். அவற்றில் மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதித் திருத்தினோம்.

"நான் பல வருடங்கள் தங்கள் நிறுவனத்திற்காக உழைத்தேன்." இதில் உணர்ச்சி உண்டு, தகவல் இல்லை. சேர்ந்த நாளும் விலகிய நாளும் எண்ணில் வர வேண்டும்.

"தாங்கள் செய்த தவறால் என் ஓய்வூதியம் நின்றுவிட்டது." தவறு ஆலையில் நடந்ததா, அலுவலகத்தில் நடந்ததா என்று நமக்குத் தெரியாது. இருபது ஆண்டுக்கு முன் நடந்ததற்கு இன்று அந்த மேசையில் இருப்பவர் பொறுப்பும் அல்ல. பதிவில் இப்படி இருக்கிறது, என்னிடம் உள்ள சீட்டு இப்படிச் சொல்கிறது, சரிபார்க்க வேண்டுகிறேன் என்று எழுதினால் அவருக்குப் பதிவேட்டைத் திறக்க மனம் வரும்.

"ஏழையான எனக்குத் தயவுகூர்ந்து உதவ வேண்டும்." மன்றாட வேண்டியதில்லை. 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகளில், பணி முடியும்போது நிரந்தரத் தொழிலாளி பணிச்சான்று பெற உரிமை உடையவர் என்று இருந்தது. மரியாதையாகக் கேட்டால் போதும்.

இறுதியாக அனுப்பிய கடிதம் இது. பெயர், எண்களை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

அனுப்புநர்
(பெயர், தந்தை பெயர், முழு முகவரி, கைபேசி எண்)

பெறுநர்
மேலாளர், பணியாளர் பிரிவு,
(நிறுவனத்தின் இன்றைய பெயர், 2005இல் இருந்த பெயர்),
சிப்காட் தொழில் வளாகம், கடலூர்.

ஐயா,

பொருள்: ஓய்வூதியத்திற்காகப் பணிக்கால விவரங்களுடன் பணிச்சான்று வழங்கக் கோருதல்.

பார்வை: வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண் (மண்டலக் குறி / நிறுவனக் குறி எண் / உறுப்பினர் எண்).

வணக்கம். நான் தங்கள் ஆலையின் கொதிகலன் பிரிவில் உதவியாளராக, பணியாளர் எண் (......) உடன், 01.06.1999 முதல் 30.06.2005 வரை பணிபுரிந்தேன். ஆலைப் பதிவில் என் பெயர் (......) என்றும், ஆதார் அட்டையில் (......) என்றும் உள்ளது. இரண்டும் என்னையே குறிக்கும்.

எனக்கு 31.05.2025 அன்று 58 வயது நிறைவடைந்தது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், 1995இன்கீழ் ஓய்வூதியம் கோர உள்ளேன். வைப்பு நிதி அலுவலகப் பதிவில் நான் விலகிய நாள் 31.03.2005 என உள்ளது. நான் 30.06.2005 வரை பணியில் இருந்ததற்கு, அந்த ஆண்டு மே, ஜூன் மாத ஊதியச் சீட்டுகளின் நகல்களை இணைத்துள்ளேன். தங்கள் வருகைப் பதிவேடு, ஊதியப் பதிவேடு ஆகியவற்றுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டுகிறேன்.

அதன்பின் கீழ்க்கண்டவற்றை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. பணியில் சேர்ந்த நாள், விலகிய நாள், விலகியதற்கான காரணம், வகித்த பணி, ஊதியமில்லா விடுப்பு நாட்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, நிறுவனத் தாளில் கையொப்பம், முத்திரை, நாளுடன் பணிச்சான்று.
2. 2005–06ஆம் ஆண்டிற்கான என் படிவம் 3-ஏ நகல்.
3. விலகிய நாளைத் திருத்தக் கோரும் கூட்டு உறுதிமொழிப் படிவத்தில் நிறுவனத்தின் கையொப்பம்.

தங்கள் வசதிக்காகப் பணிச்சான்றின் மாதிரி வரைவை இணைத்துள்ளேன். மே மாதத்தில் தாங்கள் வழங்கிய சான்றின் நகலும் இணைப்பில் உள்ளது. நேரில் வர வேண்டுமானால், தாங்கள் குறிப்பிடும் நாளில் மூல ஆவணங்களுடன் வருகிறேன்.

நன்றி.

இடம்: புவனகிரி
நாள்: 07.07.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: நியமன ஆணை, அடையாள அட்டை, ஊதியச் சீட்டுகள் (2), முந்தைய சான்று, மாதிரி வரைவு, கூட்டு உறுதிமொழிப் படிவம்.

மாதிரி வரைவை இணைக்கலாம் என்பது எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் சொன்ன யோசனை. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வருபவர்களை நாள்தோறும் பார்ப்பவர் அவர். "என்ன எழுதணும்னு யோசிக்க வேண்டிய தாள் மேசையிலேயே கிடக்கும் சார். கையெழுத்து மட்டும் போட வேண்டிய தாள் அன்னிக்கே போயிடும்" என்றார். சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றுக்கு நேரே நம் தேதிகளை எழுதாமல் வெற்றிடமாக விட்டோம். தேதியை அவர்கள் பதிவேட்டைப் பார்த்தே நிரப்ப வேண்டும். நாம் எழுதிக்கொடுத்து அவர்கள் ஒப்பமிட்டால் அது சான்று ஆகாது.

மூல ஆவணம் எதையும் அனுப்பவில்லை. கடிதத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. மாணவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு அதுவே சான்று என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வந்த பதில்

மூன்று வாரம் கழித்து ஆலையிலிருந்து தொலைபேசி வந்தது. ஜூன் மாதச் சீட்டின் நகல் தெளிவாக இல்லை, மூலத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். பெரியப்பா நேரில் போனார். ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் சான்று கையில் கிடைத்தது.

வகுப்பில் அதை ஒரு தேர்வுத்தாள் போலத் திருத்தினோம். நிறுவனத் தாள் உண்டு. பெயர் இரண்டு வடிவிலும் உண்டு. சேர்ந்த நாள் 01.06.1999. விலகிய நாள் 30.06.2005. காரணம், சொந்த விருப்பம். ஊதியமில்லா விடுப்பு 40 நாள். கையொப்பம், முத்திரை உண்டு. ஆனால் சான்று வழங்கப்பட்ட நாள் இல்லை! கண்டுபிடித்தவன் கடைசி வரிசை மாணவன். பெரியப்பா இன்னொரு முறை சிப்காட் போய் அதையும் எழுதி வாங்கி வந்தார்.

ஜவுளிக்கடைப் பணியில் ஊதியமில்லா நாட்கள் இல்லை. ஆகவே 9 ஆண்டு 9 மாதத்தில் 40 நாள் போக, மாதத்துக்கு 30 நாள் என்று வைத்தால், 9 ஆண்டு 7 மாதம் 20 நாள். திட்டத்தின் கணக்கில் 10 ஆண்டு. பழைய தேதியே இருந்திருந்தால் 9 ஆண்டு 4 மாதம் 20 நாள். அதாவது 9 ஆண்டு. முதலில் வந்த வாழ்த்துச் சான்றையும் இந்தச் சான்றையும் அருகருகே ஒட்டி, அவற்றுக்குக் கீழே இந்த இரண்டு கணக்கையும் எழுதி வகுப்பறைச் சுவரில் வைத்திருக்கிறோம்.

சான்று, படிவம் 3-ஏ நகல், இருவரும் ஒப்பமிட்ட கூட்டு உறுதிமொழி மூன்றையும் வைப்பு நிதி அலுவலகத்தில் கொடுத்து விலகிய நாளைத் திருத்தக் கோரினார். தேதி திருத்தப்பட்ட பிறகே ஓய்வூதியத்துக்கான படிவம் 10-டி கொடுக்க வேண்டும்; அவரும் அப்படியே செய்தார்.

இந்த வழி பயன்படாத இடங்கள்

ஆலை மூடப்பட்டிருந்தால் கடிதம் எழுத ஆள் இருக்காது. அப்போது கையில் உள்ள சீட்டுகளுடன் வைப்பு நிதி அலுவலகத்துக்கே எழுத வேண்டும். நிறுவனத்தின் கையொப்பத்துக்குப் பதிலாக அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் போன்றோரின் சான்றொப்பத்தை ஏற்கும் வழி உண்டு. ஆலை பெயர் மாறி, கைமாறி இருந்தால் பழைய பெயரையும் நிறுவனக் குறி எண்ணையும் தவறாமல் எழுத வேண்டும். ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்தவர் ஆலைக்கு எழுதிப் பயனில்லாமல் போகலாம். வைப்பு நிதிக் கணக்கு யாருடைய குறி எண்ணில் இருந்ததோ, அவரே கடிதத்தின் பெறுநர். சந்தாவே செலுத்தப்படாத மாதங்களைப் பணிச்சான்று மட்டும் ஈடுகட்டாது.

மதிப்பீட்டுச் செயல்பாடுகள்

1. மேலே உள்ள கடிதத்திலிருந்து ஒரு விவரத்தை நீக்கிவிட்டுக் கொடுங்கள். அது இல்லாததால் வரும் சான்று எந்த வகையில் பயன்படாது என்று மாணவர்கள் எழுதட்டும். வைப்பு நிதிக் கணக்கு எண், பழைய பெயர் வடிவம், விடுப்பு நாள் கோரிக்கை ஆகியவை இதற்கு ஏற்றவை.

2. ஒருவர் ஓர் ஆலையில் 4 ஆண்டு 11 மாதமும், மற்றொன்றில் 4 ஆண்டு 8 மாதமும் பணிபுரிந்தார். ஊதியமில்லா விடுப்பு 25 நாள். இவருக்குப் 10 ஆண்டு கிடைக்குமா? (4 ஆண்டு 11 மாதம் + 4 ஆண்டு 8 மாதம் = 9 ஆண்டு 7 மாதம். 25 நாள் போக 9 ஆண்டு 6 மாதம் 5 நாள். கிடைக்கும்.) ஊதியமில்லா விடுப்பு 35 நாள் என்றால்?

3. மாணவர்கள் தம் வீட்டில் வேலைக்குப் போய்வந்த ஒருவரிடம், சேர்ந்த நாளுக்கும் விலகிய நாளுக்கும் தாளில் ஆதாரம் உள்ளதா என்று கேட்டு வரட்டும். எங்கள் வகுப்பில் பலர் "நாள் நினைவிருக்கிறது, தாள் இல்லை" என்ற பதிலோடு வந்தார்கள். அடுத்த கடிதத்துக்கான பொருள் அங்கிருந்தே கிடைத்தது.